அனகினின் மெட்டும் வேடரின் மார்ச்சும்: ஒரே இசை ஐந்து படங்களில் மாறுவதைக் காதால் பின்தொடர ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலோர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் பக்கம் வந்துவிட்ட குடும்பத்துப் பிள்ளைகள். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள், அப்பா அம்மா தொழிற்சாலைக்கோ செம்பனைத் தோட்டத்துக்கோ போகிறவர்கள். ஒரு நாள் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தான்.

"சார், டார்த் வேடர் சாகிற இடத்துல வர்ற பாட்டு, அவர் நடந்து வர்றப்ப வர்ற அதே பாட்டா?"

"அதேதான் தம்பி. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தெரியல சார். அதே மாதிரி இருந்துச்சு. ஆனா பயமா இல்ல."

அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு சனிக்கிழமைகள் ஆயின. அந்த நான்கு வாரத்தில் நாங்கள் செய்ததை மற்றவர்களும் வீட்டில் செய்து பார்க்கும்படி வரிசையாக எழுதியிருக்கிறேன். ஸ்டார் வார்ஸ் படங்களில் ஜான் வில்லியம்ஸ் ஒரே ஆளுக்கு எழுதிய இசை, அந்த ஆள் மாற மாற எப்படி மாறுகிறது என்பதுதான் விஷயம். நான் சொல்லப்போவது சுருக்கமாக இது: சுரங்கள் அநேகமாக மாறுவதே இல்லை, அவற்றைச் சுற்றி இருப்பவைதான் மாறுகின்றன. எது மாறினால் பயம் போகிறது, எது மாறினாலும் பயம் போகவில்லை என்று கீபோர்டில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

முதலில்: எந்த வரிசையில் பார்ப்பது

கதைப்படி பார்த்தால் சின்னப் பையன் அனகின் வளர்ந்து, கெட்டு, கறுப்புக் கவசம் போட்ட வேடராகி, கடைசியில் மகனுக்காக உயிரை விடுகிறான். இசை எழுதப்பட்ட வரிசை வேறு. வேடரின் மார்ச், அதாவது அவர் வரும்போது ஒலிக்கும் படைநடை இசை, முதலில் வந்தது 1980-இல், 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில். அது கரைந்து போகும் மரணக் காட்சி 1983-இல். சின்னப் பையனுக்கான மெட்டு 1999-இல்தான் எழுதப்பட்டது, அதாவது மார்ச் பிறந்து பத்தொன்பது வருடம் கழித்து.

அதனால் இசையைப் படிக்க வேண்டுமென்றால் வெளிவந்த வரிசையிலேயே போங்கள்: 1980, 1983, அப்புறம் 1999, 2002, 2005. கதை வரிசையில் போனால் பையனின் மெட்டுக்குள் ஒளிந்திருப்பதை உங்கள் காது அடையாளம் காணாது. அடையாளம் காண்பதற்கு மார்ச் முன்னாலேயே நினைவில் உறைந்திருக்க வேண்டும்.

1977-இல் வந்த முதல் படத்தை இந்தப் பட்டியலில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அந்தப் படத்தில் இந்த மார்ச் கிடையாது. வேடர் அதில் வருகிறார், மூச்சு விடுகிறார், கழுத்தை நெரிக்கிறார், ஆனால் இந்த இசை இல்லாமல். வகுப்பில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "நான் கேட்டிருக்கேன் சார்" என்று உறுதியாகச் சொல்வார்கள். போட்டுப் பாருங்கள், இருக்காது. நம் நினைவு பின்னால் வந்த இசையை எடுத்து முன்னால் ஒட்டி வைத்துக்கொள்கிறது. இனிமேல் ஒவ்வொரு படியிலும் காதைச் சரிபார்க்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது: மெட்டைக் கையில் வாங்குங்கள்

வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. ஒரு விரலால் வாசிக்கத் தெரிந்தால்கூடப் போதும், ஆனால் வாசிக்க வேண்டும். 61 கீ உள்ள சாதாரண கீபோர்டு தாராளம். படத்தோடு சேர்த்து வாசிக்க ஆசை இருந்தால் 'ஜி' என்ற கீயை ச-வாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சுரத்தில் முதல் வரி இப்படி:

ச ச ச | த க | ச | த க | ச –

இதில் த கீழ் ஸ்தாயியில் இருக்கிறது, ச-வுக்குக் கீழே நான்கு அரைச்சுரம் தள்ளி. அரைச்சுரம் என்றால் வெள்ளை, கறுப்பு பாராமல் அடுத்த கீ. க மேலே, ச-வுக்கு மூன்று அரைச்சுரம் தள்ளி. அதாவது சுத்த தைவதம், சாதாரண காந்தாரம். தாளம் போட்டுப் பாருங்கள், எட்டு அடி, ஆதி தாளத்தின் சரியாக ஓர் ஆவர்த்தனம். முதல் மூன்று அடியில் மூன்று ச. நான்காவது அடிக்குள் 'த க' இரண்டும் அடங்கும். ஐந்தில் ச, ஆறில் மறுபடி 'த க', ஏழும் எட்டும் நீண்ட ச.

அந்த நான்காவது அடியில் நிதானமாக இருங்கள். 'த க' இரண்டும் சமமாகப் பிரிவதில்லை. ஓர் அடியை நான்கு மாத்திரையாகப் பிரித்தால் த மூன்று மாத்திரை எடுத்துக்கொள்கிறது, க-வுக்கு ஒன்றுதான் மிச்சம். அந்த வெட்டில்தான் பூட்ஸ் சத்தம் இருக்கிறது. சமமாகப் பிரித்து வாசித்துப் பாருங்கள், படைவீரர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இரண்டாவது வரி மேலே ஏறுகிறது:

ப ப ப | த க | நி | த க | ச –

இங்கே முதலில் வரும் த, ப-வுக்கு மேலே. நி மட்டும் கீழே, ச-வை ஒட்டி ஓர் அரைச்சுரம் தள்ளி, காகலி நிஷாதம். அடுத்த த மறுபடி கீழ் ஸ்தாயி. இந்தச் சுரங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எல்லாம் கீரவாணிக்குள் அடங்கும். கீரவாணி படித்த பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டவுடன் எழுந்தே நின்றுவிட்டாள். ஜான் வில்லியம்ஸ் கீரவாணியை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. மேற்கத்திய இசையில் இதே சுரங்கள் கொண்ட மைனர் ஸ்கேல் பழையது. நமக்குக் கை பழகிய பாதை இருக்கிறது என்பதுதான் லாபம்.

மூன்றாவது: இடது கையில்தான் பயம் இருக்கிறது

இந்தப் படியில் நான் தவறு செய்தேன். அந்தத் தவறுதான் எனக்குப் பாடமும் ஆனது.

மெட்டின் முதல் மூன்று அடிக்கு இடது கையில் ச க ப மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும், சாதாரண மைனர் கார்ட். நான்காவது அடியில் மெட்டு த-வுக்குப் போகும்போது இடது கையும் த-வை அடியாகக் கொண்ட கார்டுக்குப் போக வேண்டும். நான் பழக்கதோஷத்தில் த ச க என்று பிடித்துக் கொடுத்துவிட்டேன். சுபமான மேஜர் கார்ட். பிள்ளைகள் வாசித்தார்கள். மெட்டு சரி, தாளம் சரி, ஆனால் ஏதோ தேவாலயத்தில் கேட்கிற கீதம் மாதிரி மெதுமையாக இருந்தது. இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

மூலத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபிறகுதான் தெரிந்தது, அங்கே இருப்பது த நி க. நடுவில் இருக்கிற ச ஓர் அரைச்சுரம் இறங்கி நி ஆகிவிட்டது. ஒரே ஒரு விரல், ஒரே ஒரு கீ. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். முதல் கார்டில் ச க ப. அடுத்ததில் த நி க. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது க மட்டும். ச, அதாவது மெட்டு முழுக்க நாம் ஊன்றி நிற்கிற சுரம், காலுக்குக் கீழிருந்து உருவப்பட்டு விடுகிறது. அடுத்த அடியிலேயே திரும்பி வருகிறது, மறுபடி உருவப்படுகிறது. தம்புராவோடு பாடுகிறவர்கள் இதை உடம்பாலேயே உணர்வார்கள், ச அசைந்தால் வயிற்றில் ஒரு காலி இடம் வரும்.

உங்கள் இடது கை சரியா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. 'ச ச ச' வாசித்துவிட்டு நான்காவது அடியில் நிறுத்துங்கள். கேட்பவருக்கு ஆறுதலாக இருந்தால் நீங்கள் த ச க பிடித்திருக்கிறீர்கள். முகம் சுளித்தால் த நி க.

நான்காவது: ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

இப்போது உங்கள் கையில் முழு மார்ச் இருக்கிறது. கீபோர்டில் பித்தளை வாத்தியக் குரலைத் தேர்ந்தெடுத்து, தாளத்தை நிமிடத்துக்கு 100 அடி என்று வைத்து, கீழ் ஸ்தாயியில், த நி க கார்டோடு வாசியுங்கள். 1980 படத்தின் வேடர் இதுதான். இதிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் வேகத்தைப் பாதியாக்குங்கள், 50 அடி. மெதுவாக வாசித்தால் சோகமாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அப்படி ஆகவில்லை. பித்தளையும் கீழ் ஸ்தாயியும் அந்தக் கார்டும் இருக்கும்வரை, மெதுவாகப் போனால் இன்னும் பயமாகத்தான் இருந்தது. வருகிறவன் அவசரப்படவில்லை என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

வேகத்தைப் பழையபடி வைத்துவிட்டுக் குரலை மாற்றுங்கள், பித்தளைக்குப் பதிலாகப் புல்லாங்குழல். கொஞ்சம் கேலியாக, பொம்மைப் படை நடப்பது போல வரும். பயம் குறைகிறது, ஆனால் பரிவு வருவதில்லை.

அப்புறம் த, க இரண்டையும் சமமாகப் பிரியுங்கள், மூன்று-ஒன்று என்பதை இரண்டு-இரண்டாக. இங்கேதான் முதல் பெரிய மாற்றம், நடை போய்ப் பாட்டு வருகிறது. இதோடு இரண்டு ஸ்தாயி மேலே ஏறுங்கள். கடைசியாக இடது கையைத் தூக்கிவிடுங்கள், கார்டே வேண்டாம். இப்போது மறுபடி 50 அடிக்கு இறக்கி, ஹார்ப் குரலில் முதல் வரியை மட்டும் வாசியுங்கள்.

அறையில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வகுப்பில் நிறுத்தினார்கள்.

ஆக, மென்மையைக் கொண்டுவந்தது வேகமல்ல. நடையின் வெட்டும், கீழ் ஸ்தாயியும், ச-வை உருவுகிற கார்டும் போனதுதான். வேகம் குறைந்தது அவற்றுக்குப் பின்னால்தான் வேலை செய்கிறது. படத்தைக் கேட்கும்போது இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்: எந்த வாத்தியம், எந்த ஸ்தாயி, நடை வெட்டா பாட்டா, அடியில் என்ன இருக்கிறது, மெட்டில் எவ்வளவு பங்கு வருகிறது. ஒரு பள்ளி நோட்டில் காட்சிக்கு ஒரு வரி என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஐந்தாவது: படத்துக்குப் போவோம். 1980

படம் தொடங்கி மஞ்சள் எழுத்துகள் மேலே போய் முடிந்ததும், விண்கலம் உளவுக் கருவிகளை ஏவுகிற இடத்தில் மார்ச் துணுக்காக எட்டிப் பார்க்கிறது. அதைத் தவறவிட்டால் பரவாயில்லை. பிறகு பெரிய படைக்கப்பல்களின் அணிவகுப்பும், அவற்றையெல்லாம் சின்னதாக்கும் வேடரின் கப்பலும், அதற்குள் கண்ணாடி ஓரம் முதுகு காட்டி நிற்கும் வேடரும் வருகிறபோது மார்ச் முழுதாக இறங்குகிறது. பித்தளை, அடியில் தந்தி வாத்தியங்களும் முரசும் விடாமல் ஒரே நடை. உங்கள் நோட்டில் முதல் வரி இது. மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மார்ச் வேடருக்கு மட்டும் சொந்தமில்லை, அவர் சேவிக்கிற பேரரசுக்கும் சேர்த்துத்தான். படை வரும்போதும் வரும், கப்பல் வரும்போதும் வரும். ஆகவே நோட்டில் இன்னொரு பத்தி தேவை: திரையில் இருப்பது ஆளா, படையா? இந்த வேறுபாடு கடைசியில் பெரிதாகப் பயன்படும். இரண்டு படம் முழுக்க அந்த மனிதனின் இசையும் அவன் வேலை செய்கிற இயந்திரத்தின் இசையும் ஒன்றாகவே இருக்கின்றன. அவனுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

ஆறாவது: 1983, முகமூடி கழற்றும் இடம்

'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' தொடக்கத்தில் வேடர் புதிய போர்நிலையத்துக்கு வந்து இறங்கும்போது மார்ச் பழைய பலத்தோடு வரும். பேரரசர் வரும்போது வரிசையாக நிற்கும் படைக்கு நடுவிலும் வரும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சி ஏன் அப்படி விழுகிறது என்பதற்கு இவை தேவை. ஒரே படத்துக்குள் பலமும் கரைவும் இரண்டும் இருக்கின்றன.

பேரரசரைத் தூக்கி எறிந்தபின் வேடர் சாய்கிறார். மகன் லூக் அவரை இழுத்துக்கொண்டு கப்பலிடம் வருகிறான். முகமூடியைக் கழற்றச் சொல்கிறார். இந்தக் காட்சியை முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

முரசு இல்லை. பித்தளையின் சுவர் இல்லை. மேலே மெலிதாகத் தந்திகள் நிற்கின்றன. மெட்டு மரக்காற்று வாத்தியங்களுக்கும் ஒற்றைக் கொம்புக்கும் கைமாறி, துண்டு துண்டாக வருகிறது, மூச்சு வாங்குகிறவன் பேசுவது போல. நடுவில் இடைவெளி. கடைசியில் ஹார்ப், ஒவ்வொரு சுரமாக, மேல் ஸ்தாயியில். நீங்கள் நான்காவது படியில் கழற்றிய அதே பொருட்களை அவரும் கழற்றியிருக்கிறார்.

ஆனால் சுரங்களை மாற்றவில்லை, இதைக் கவனியுங்கள். அவர் நல்லவனாகிவிட்டார் என்பதற்காக மெட்டை மேஜருக்கு மாற்றி இனிப்பாக்கவில்லை. மாற்றியிருந்தால் அது வேறு ஆளாகியிருக்கும். இருபது வருடம் கொடுமை செய்தவனும் இப்போது மகன் முகத்தைப் பார்க்கிறவனும் ஒரே மனிதன் என்பதை அந்த மைனர் சுரங்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. போனது படைதான். இயந்திரத்தின் இசையிலிருந்து மனிதனின் பங்கு மட்டும் தனியாகப் பிரிந்து, முதன்முறையாக அவனுக்கே சொந்தமாகிறது, அதுவும் சாகிற நேரத்தில். எனக்கு இந்த ஓரிரண்டு நிமிடம் சினிமா இசை செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று.

அடுத்து சிதை எரியும் காட்சி வரும். அங்கே ஒலிப்பது வேறு மெட்டு, கதையில் 'ஃபோர்ஸ்' என்று சொல்லப்படும் சக்திக்கானது. 1977 படத்தில் லூக் இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்த்து நிற்கும்போது வருவதும் இதுதான். இதை வேடரின் மெட்டின் மாறிய வடிவம் என்று நினைத்துவிடுவது மிகச் சாதாரணமான தவறு. நம் ஊரில் சாவு வீட்டில் இருந்து சுடுகாடு வரை ஒரே மேளம் போனாலும் இடத்துக்கு இடம் அடி மாறும் அல்லவா, அந்த எண்ணத்தில் காது இரண்டையும் சேர்த்துவிடுகிறது. இங்கே மாறியது அடி அல்ல, மெட்டே வேறு.

ஏழாவது: படம் பார்க்காத ஒருவரிடம் கேளுங்கள்

நாம் கதை தெரிந்து கேட்கிறோம். தெரிந்ததால்தான் சோகம் கேட்கிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. அதனால் நான் அந்தப் பையனின் பாட்டியிடம் போனேன். எழுபது தாண்டியவர், தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர், ஸ்டார் வார்ஸ் என்ற பெயரே கேள்விப்படாதவர். மரணக் காட்சியின் இசையை மட்டும், படம் காட்டாமல் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரு தம்பி போனது? வயசானவரா?" என்றார்.

அப்புறம் முழு மார்ச்சைப் போட்டேன். "இது வெள்ளைக்காரன் பேண்டு. யாரோ பெரிய தொரை வர்றாரு போல" என்றார். இரண்டும் ஒரே பாட்டு என்று சொன்னபோது நம்பவில்லை. பேரன் கைத்தொலைபேசியில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். மூன்றாவது தடவையில் "ஆமா, தொரைதான் செத்துட்டாரு" என்றார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள், ஆனால் மென்மையான வடிவத்தை முதலில் போட வேண்டும். மார்ச்சை முதலில் போட்டால் கேட்பவர் அதையே தேடத் தொடங்கிவிடுவார். பாட்டிக்கு இசை தனியாகவே சாவைச் சொல்லிவிட்டது. யார் செத்தார் என்பதை மட்டும் மார்ச் தெரிந்தபிறகுதான் சொன்னது. இரண்டும் வேறு வேறு வேலை என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

எட்டாவது: 1999, பையனுக்குள் ஒளிந்திருப்பது

'த ஃபேண்டம் மெனஸ்' படத்தில் அனகின் ஒன்பது வயதுப் பையன். அவனுக்கென்று வில்லியம்ஸ் எழுதிய மெட்டு தந்திகளிலும் மரக்காற்று வாத்தியங்களிலும் ஏங்கி ஏங்கி மேலே எழும்பும். அழகான மெட்டு, ஆனால் ஒரே ச-வில் உட்காருவதில்லை. வீடு தேடுவது போல ஸ்ருதி மாறிக்கொண்டே இருக்கும். அதன் வரி முடிகிற இடத்துக்கு வரும்போது கவனியுங்கள். மார்ச்சின் வளைவு, அந்தத் த‑க‑ச இறக்கம், நடையின் வெட்டெல்லாம் மழுங்கி, மெல்லிய குரலில் நழுவிப் போகும்.

கேட்பதற்கு முறை இது. மெட்டின் முடிவை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள், கூடவே கீபோர்டில் த, க, ச மூன்றை மட்டும் மெதுவாக, சமமாக வாசியுங்கள். ஸ்ருதி பொருந்தாவிட்டால் ச-வை நகர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றோடொன்று படியும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரே சுரம் மூன்று முறை வந்தால் உடனே "வேடர்!" என்று குதிக்கக் கூடாது. ச ச ச என்பது உலகத்தில் எத்தனையோ பாட்டில் இருக்கிறது. கீழ் த-விலிருந்து க-வுக்கு ஏழு அரைச்சுரத் தாவலும், அங்கிருந்து ச-வுக்கு இறக்கமும் இருந்தால்தான் கணக்கில் சேருங்கள். எங்கள் வகுப்பு நோட்டுகளில் முதல் வாரம் எழுதியவற்றில் நிறைய இந்த விதியால் அடிபட்டுப் போயின.

அந்தப் படத்தின் முடிவில் பெயர்ப்பட்டியல் முழுதும் ஓடும்வரை எழுந்துவிடாதீர்கள். பையனின் மெட்டு மார்ச்சின் நிழலோடு முடிந்து, இசை அடங்கியபின், இருட்டில் வேடரின் மூச்சுச் சத்தம் கேட்கும்.

ஒன்பதாவது: 2002-உம் 2005-உம்

2002 படத்தில் இரண்டு இடம் போதும். தாயைக் கொன்ற கூட்டத்தைப் பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல் வெட்டிவிட்டு வந்து அனகின் தன் காதலி பத்மேயிடம் ஒப்புக்கொள்கிற காட்சியில் மார்ச் கீழே புகைகிறது. இன்னும் அவன் வேடர் இல்லை, ஆனால் இசைக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் குளோன் படை கப்பலேறும் காட்சியில் மார்ச் முழுப் பலத்தோடு வருகிறது. இந்த இரண்டாவது இடத்தில் திரையில் படை, ஆள் இல்லை. ஐந்தாவது படியில் சொன்ன பத்தியை நிரப்பியிருந்தால் ஒன்று தெரியும்: இயந்திரம் முதலில் தயாராகிவிட்டது, மனிதன்தான் இன்னும் அதற்குள் போய்ச் சேரவில்லை.

இந்தப் படத்தின் இறுதிப் போர்ப் பகுதியை ஆராய்ச்சிக்கு எடுக்காதீர்கள். அங்கே முந்தைய படத்தின் பதிவுகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கென்று எழுதப்படாத இசையில் இசையமைப்பாளரின் எண்ணத்தைத் தேடினால் இல்லாத அர்த்தம் கிடைக்கும். இசைத்தட்டில் வரும் வடிவத்துக்கும் இது பொருந்தும். தட்டில் இருக்கிற மார்ச் கச்சேரிக்காக ஒழுங்குபடுத்தியது. காட்சியில் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டுமானால் படத்தையே போட்டுக் கேளுங்கள்.

2005-இல் அவன் முழுதாக விழுகிறான், மார்ச் இடி மாதிரி வரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். எரிமலைக் குழம்புக்கு நடுவே குருவும் சீடனும் மோதும் பெரிய சண்டைக்கு வேறு மெட்டு, கோரஸோடு. அது அவன் ஒருவனுக்கானதல்ல, இருவருக்குமானது. முதலில் எனக்கும் இது குறையாகத்தான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தச் சண்டையில் ஒருவனின் மெட்டு மேலோங்கி நின்றால் மற்றவனின் இழப்பு கேட்காமல் போயிருக்கும்.

பத்தாவது: கடைசிப் பயிற்சி

இது நான்காவது வாரம் செய்தது. பிள்ளைகளை மூன்று பேராக நிற்க வைத்தேன். ஒருவர் மெட்டு, ஒருவர் இடது கைக் கார்ட், ஒருவர் மேசையில் தாளம். மார்ச் முழுதாக ஓடும்போது, நான் கை காட்டும்போது முதலில் மேசைத் தாளம் நிற்க வேண்டும், அப்புறம் கார்ட். மெட்டு வாசிக்கிறவர் அதற்குள் நடையைச் சமமாக்கி மேல் ஸ்தாயிக்குப் போயிருக்க வேண்டும். யாரும் நின்றுவிடக் கூடாது, ஓட்டத்திலேயே மாற வேண்டும்.

முதல் ஐந்து தடவை சொதப்பியது. எல்லாரும் ஒரே நேரத்தில் மாறினார்கள், அப்போது அது புதுப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஓர் ஆவர்த்தனம் இடைவெளி விட்டபிறகுதான் அதே ஆள் மாறுவது கேட்டது. அந்தப் பையன்தான் மெட்டு வாசித்தான். தாளம் போய், கார்ட் போய், அவன் மட்டும் மேலே ஒற்றையாய் வாசித்துக்கொண்டிருந்தபோது கடைசி ச-வுக்கு முன்னால் விரலை எடுத்துவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"அவருக்கு அதுக்கு மேல மூச்சு இல்ல சார்" என்றான்.